d5 தள்ளும் நேரம்

சிசிலியன் டிராகனில் வெள்ளை ராணிப் பக்கம் கோட்டை கட்டியதும், அடுத்து h, g சிப்பாய்கள் நம் ராஜாவை நோக்கிப் பாயும். அப்போது ஓரத்தில் தடுப்புச் சுவர் எழுப்பாதீர்கள்; f1 கட்டத்தைப் பாருங்கள். வெள்ளை மந்திரி இன்னும் அங்கேயே நின்றால் உடனே 9...d5!

நேற்று இரவு துணிந்து ஆடினேன். நடுவில் வெட்டுகள் முடிந்து 13.Qxd5 என்று என் சிப்பாய் போனது. 13...Qc7! ராணி a8 யானையை எடுத்ததும் Bf5. c2-வில் மேட் மிரட்டல். F8 யானையின் குறியில் அதே ராணி. இரண்டு யானைகளுக்கு ராணியைக் கொடுப்பதைத் தவிர வெள்ளைக்கு வழியில்லை. ஓர h சிப்பாய் அதுவரை h2-வை விட்டு அசையவே இல்லை!

மந்திரி ஏற்கெனவே c4-க்கு வந்திருந்தால் இது பலிக்காது. d5 கட்டம் அதன் காவலில் இருப்பதால் தள்ளிய சிப்பாய் வீணாகிவிடும். அப்போது Bd7, Rc8 என்று c வரிசையில்தான் எதிர்த்தாக்குதல்.