கார் வாடகை, 5,01,600 ரூபாய்

ஜனவரி 6, செவ்வாய்

படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் எங்கள் பணிக்கு, அடுத்த ஆண்டுக்கான வெளிநாட்டு நிதி கேட்கும் விண்ணப்பப் படிவம் வந்துவிட்டது. பெரிய செலவு இனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, 150 சொற்களுக்குள். கடைசி நாள் 23. இப்போதைய நிதி மார்ச் 31-உடன் முடிகிறது.

ஜனவரி 7, புதன்

பழைய விண்ணப்பத்தை எடுத்துப் படித்தேன். கார் பற்றி அதில் இருப்பது இவ்வளவுதான்: "தொலைதூரக் கிராமங்களில் உள்ள நோயாளிகளைச் சென்றடைய வாகனம் மிகவும் இன்றியமையாதது." இதைப் படித்தவருக்குப் புதிதாக என்ன தெரிந்திருக்கும்? எத்தனை கிராமம், எத்தனை வீடு, ஏன் கார், ஏன் அந்தத் தொகை என்று ஒன்றுமே இல்லை. இன்றியமையாதது என்று சொல்லாத விண்ணப்பம் எங்கே இருக்கிறது? அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியத்தில் மிஞ்சுவது தூரம் மட்டும்.

எங்கள் நர்ஸ் செல்வி அக்காவுக்கு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. மார்ச் வரை பொறுத்துப் பார்க்கிறேன் என்கிறார்.

ஜனவரி 9, வெள்ளி

இன்று எண்ணிக்கையிலிருந்து தொடங்கினேன். ரூபாயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பட்டியலில் 120 பேர். படுக்கையில் இருப்பவரை மாதம் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். அதற்கும் குறைந்தால் புண் முற்றிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். ஆக மாதம் 240 வருகை. ஒரு குழு ஒரு நாளில் 6 வீடு பார்க்கும். அதற்கு மேல் போனால் யாரிடமும் உட்கார்ந்து பேச முடியாது. 22 வேலை நாளுக்கு 132. ஒரு குழு போதாது. இரண்டு குழு என்றால் 264. மீதி 24 வருகை, இரவில் போன் செய்து "அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது" என்று அழுகிறார்களே, அந்த வீடுகளுக்கு.

இந்த ஒரு கணக்கிலிருந்து இரண்டு நர்ஸ், இரண்டு உதவியாளர், காரின் 22 நாள் எல்லாம் தாமாக வந்துவிட்டன. சம்பளப் பத்தியும் கார் பத்தியும் ஒரே 240-லிருந்து கிளம்ப வேண்டும். படிக்கிறவர் சம்பளப் பத்தியில் ஒரு எண்ணும் கார் பத்தியில் வேறொரு எண்ணும் கண்டால், அதன்பின் எந்த எண்ணையும் நம்பமாட்டார்.

உதவியாளர் எதற்கு, நர்ஸ் ஒருவர் போதாதா என்று நிச்சயம் கேட்பார்கள். அசைய முடியாத ஒருவரைப் புரட்டிப்போட்டு முதுகுப் புண்ணைப் பார்க்க நான்கு கைகள் வேண்டும். வீட்டில் இருப்பது பெரும்பாலும் எழுபது வயதுக் கணவர். பத்தியில் இதை இப்படியே எழுதினேன்.

ஜனவரி 10, சனி

பரளச்சிப் பக்கம் போனேன். மார்பில் புண் உள்ள அந்த அம்மாவின் அறைக்குள் பேரப்பிள்ளைகள் மறுபடியும் வருகிறார்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவத் தொடங்கிய பிறகு நாற்றம் அடங்கியிருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

மருந்து இனம். பழைய தாளில் "ஒரு நோயாளிக்கு மாதம் ரூ.450" என்று மட்டும் இருக்கிறது. தொகை சரிதான், ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. 450 ரூபாய்க்குச் சிகிச்சை பெறும் நோயாளி ஒருவர்கூட எங்களிடம் இல்லை. புண்ணோ சிறுநீர்க் குழாயோ உள்ள 20 பேருக்குப் பஞ்சு, காஸ், குழாய், பை என்று மாதம் 1,400 ரூபாய் ஆகிறது. மற்ற 100 பேருக்கு 260. முதல் கூட்டம் 28,000, இரண்டாவது 26,000, சேர்த்து 54,000. 120-ஆல் வகுத்தால் 450.

இதைப் பிரித்து எழுதியதும் பத்திக்கு ஒரு முகம் வந்தது. கட்டுச் சாமான் விலை ஏறினால் எந்தக் கூட்டத்துக்கு இடிக்கும் என்பதும் அதிலேயே தெரிகிறது. ஸ்டோர் பதிவேட்டில் கடந்த ஆறு மாதக் கணக்கு இதுதான் என்று ஒரு வரி சேர்த்தேன். எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லாத பத்தி பாதிப் பத்தி.

ஜனவரி 13, செவ்வாய்

கார் பத்தி எழுதவில்லை.

ஜனவரி 14, புதன்

போகி. தெருவெல்லாம் புகை. இருமலோடு உட்கார்ந்து டாக்டர் பத்தியை எழுதினேன்.

மாதம் 8 நாள், நாளுக்கு 3,000 ரூபாய், ஆண்டுக்கு 2,88,000. பகுதிநேர டாக்டருக்கு இவ்வளவா என்று கண் அங்கே நிற்கும். "மருத்துவ வழிகாட்டுதலுக்காக" என்று எழுதினால் வெட்டிவிடுவார்கள். வழிகாட்டுதல் போனிலும் கிடைக்குமே. உண்மைக் காரணம் மார்பின் என்ற வலிநிவாரண மருந்து. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் மார்பின் வாங்கி வைக்கலாம், கொடுக்கலாம். அந்த அங்கீகாரத்துக்கு வலிநிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் வேண்டும். அவர் இல்லையென்றால் அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் இல்லையென்றால் பூட்டிய அலமாரியில் மாத்திரை இல்லை.

பத்தி இப்படி வந்தது: "பட்டியலில் உள்ள புற்றுநோயாளிகளில் கடும் வலி உள்ளவர்களுக்கு மார்பின் மாத்திரை தருகிறோம். பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லாமல் இதைச் சட்டப்படி வைத்திருக்கவோ கொடுக்கவோ முடியாது. மருத்துவர் மாதம் 8 நாள் வருகிறார்: 4 நாள் வீடுகளுக்கு, வயிற்று நீர் எடுப்பது போன்ற, நர்ஸ் செய்ய இயலாத வேலைகளுக்கு, 4 நாள் மருந்தளவு சரிபார்க்கவும் மார்பின் பதிவேட்டில் கையெழுத்திடவும்."

டாக்டர் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "என் சம்பளத்தை இவ்வளவு தெளிவாக நானே யாரிடமும் சொன்னதில்லை" என்றார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். செல்வி அக்கா கரும்போடு வந்தார். மதுரையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜனவரி 17, சனி

அக்கவுண்டன்ட் அண்ணன் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தார். பழைய தாளில் நர்ஸ், உதவியாளர், டாக்டர், அவர் எல்லோரும் "ஊழியர் சம்பளம்" என்ற ஒரே தலைப்பின் கீழ், அதுவும் நிர்வாகப் பகுதியில். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. நாங்கள் கேட்கும் மொத்தத் தொகை 26,16,600. எல்லாச் சம்பளத்தையும் நிர்வாகத்தில் போட்டால், வாடகையும் தணிக்கைக் கட்டணமும் சேர்ந்து 13,67,000. பாதிக்கு மேல்!

விதியிலேயே வழி இருக்கிறது. நலப்பணி நிறுவனத்தின் நோக்கத்துக்காக நேரடியாக ஆகும் செலவு, மருத்துவமனையில் டாக்டர் சம்பளம்போல, நிர்வாகச் செலவில் சேராது. நோயாளியைத் தொடுகிறவர்களின் சம்பளத்தைத் திட்டப் பகுதிக்கு மாற்றினோம். நிர்வாகத்தில் மிஞ்சியது அண்ணனின் 1,80,000, வாடகை 96,000, தணிக்கை 35,000. ஆக 3,11,000, ஏறத்தாழ 12 விழுக்காடு. தலைப்பை மாற்றினால் மட்டும் போதாது. அவர்கள் வாரத்தில் எந்த நாள் எங்கே இருக்கிறார்கள் என்று பத்தியும் சொல்ல வேண்டும், வருகைப் பதிவேடும் அதையே சொல்ல வேண்டும்.

"இதர செலவுகள்" வரியை அண்ணன் அடித்துவிட்டார். நல்லது.

ஜனவரி 19, திங்கள்

கார்.

நாளுக்கு 1,900 ரூபாய், டிரைவர், டீசல் உட்பட. 22 நாள், 12 மாதம்: 5,01,600. மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பட்டியலில் இதைவிடப் பெரிய வரி மருந்து மட்டும்தான். நர்ஸ் இருவரின் சம்பளமே 4,80,000! செவிலியரைவிடச் சக்கரத்துக்கு அதிகமா என்று எனக்கே உறுத்துகிறது. அப்படியென்றால் அங்கே உட்கார்ந்து படிக்கிறவருக்கு எப்படி இருக்கும்? அதனால்தான் இத்தனை நாளாகத் தள்ளிப்போட்டேன்.

எதிர்க்கேள்வியை நானே கேட்டுப் பார்த்தேன். ஒரு குழு ஸ்கூட்டரில்தானே போகிறது, மற்றதும் போனால் என்ன? நவம்பரில் கார் ஒரு வாரம் ஒர்க்ஷாப்பில் நின்றபோது செல்வி அக்காவும் உதவியாளரும் ஸ்கூட்டரில்தான் போனார்கள். பதிவேட்டைப் புரட்டினேன். அந்த வாரம் எந்த நாளும் 4 வீட்டைத் தாண்டவில்லை. காற்றுப் படுக்கை ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை, ஏனென்றால் பம்பும் படுக்கையும் ஸ்கூட்டரில் ஏறாது.

நாளுக்கு 2 வீடு குறைந்தால் மாதம் 44. 264 வருகை 220 ஆகும். நமக்கு வேண்டியது 240. காருக்கான பதில் இந்த இடைவெளியில் இருக்கிறது. இரவே எழுதிவிட்டேன்:

"கார் தெற்குப் பாதைக் கிராமங்களுக்கு மட்டும், அருகில் உள்ளவற்றுக்கு இரண்டாம் குழு ஸ்கூட்டரில் செல்கிறது. கார் பழுதான வாரத்தில் குழு நாளுக்கு 4 வீடுகளையே பார்க்க முடிந்தது, காருடன் 6. கார் இல்லையெனில் மாதத் தேவையான 240-இல் 20 வருகைகள் விடுபடும், அவசர அழைப்புக்கு இடமே இராது. காரில் ஒரு வருகைக்கு ஆகும் செலவு ரூ.317. இதே நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வரக் குடும்பம் வேனுக்குக் கொடுப்பது ரூ.1,500-க்குக் குறையாது. சொந்தக் கார் வாங்கக் கேட்கவில்லை; இரண்டு இடங்களில் பெற்ற வாடகை விலைப்பட்டியலில் குறைந்தது இது."

317 எப்படி வந்தது என்று மறுபடி பார்த்தேன். 5,01,600-ஐ ஆண்டின் 1,584 கார் வருகையால் வகுத்தது. சரி.

ஜனவரி 20, செவ்வாய்

பரளச்சி அம்மா இன்று அதிகாலை போய்விட்டார்.

ஜனவரி 21, புதன்

பட்டியலில் 119. கணக்கை மாற்றவில்லை, இன்றே காத்திருப்பவர்களில் ஒருவர் உள்ளே வருகிறார். ஆனால் அந்த 120-ஐப் பார்க்கும்போது எரிச்சலாக இருக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி

அனுப்பியாயிற்று. பத்தியில் உள்ள ஒவ்வொரு தொகையையும் தாளில் உள்ள கட்டத்தோடு அண்ணன் சத்தமாக வாசித்து ஒத்துப்பார்த்தார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பதில் இல்லை. செல்வி அக்காவுக்கு மதுரையிலிருந்து இரண்டாவது முறை போன்.

பிப்ரவரி 11, புதன்

பதில் வந்தது. கார் பற்றி ஒரு கேள்விகூட இல்லை! விளக்கம் தெளிவாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் இந்த ஆண்டு அவர்களுக்கே நிதி குறைவு, மொத்தத்தில் 10 விழுக்காடு குறைத்துத் திருத்திய தாளை அனுப்புங்கள் என்கிறார்கள். 2,61,660 ரூபாய்.

ஒவ்வொரு வரியிலும் பத்துப் பத்தாகச் சீவினால் எளிது. ஆனால் பத்தில் ஒன்பது பங்கு நர்ஸ் என்று யாரும் கிடையாது. சம்பளத்தில் 2,000 குறைத்தால் அக்கா நாளையே மதுரைக்குப் போய்விடுவார். பிறகு காரில் யார் ஏறுவது? குறைப்பதானால் அந்த 120-இலிருந்துதான் குறைக்க வேண்டும்.

108 பேர் என்று வைத்தேன். வருகை 216, அவசரத்துக்கு அதே 24, ஆக 240. ஸ்கூட்டர் குழு 132 பார்த்துவிடும், மீதி 108-க்குக் கார் 18 நாள் போதும். அதில் 91,200 மிச்சம். மருந்தில் 64,800. காற்றுப் படுக்கை 20-க்குப் பதில் 10, 35,000. கூட்டினால் 1,91,000.

இன்னும் 70,660.

பிப்ரவரி 12, வியாழன்

12 பேர் என்பது யார் யார் என்று செல்வி அக்கா கேட்டார். புதிதாகச் சேர்ப்பதைத்தான் குறைப்போம், இருப்பவர்களை விடமாட்டோம் என்றேன். காத்திருப்போர் பட்டியலை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். 70,660-க்கு வாடகையில் கொஞ்சம் குறையுமா என்று வீட்டுக்காரரிடம் நாளை பேச வேண்டும்.