பழைய ஸ்லைடுகளை அகலத் திரைக்கு மாற்றினேன், வள்ளுவர் குண்டாகாமல்

எங்கள் பள்ளியில் புரொஜெக்டரை எடுத்துவிட்டு சுவரில் பெரிய டிவி மாட்டினார்கள். நான் 2009-ல் செய்த ஒரு பவர்பாயிண்ட் ஃபைல் இருக்கிறது, கோதையாற்றுப் பாசனம் பற்றியது, 48 ஸ்லைடு. பேச்சிப்பாறை அணை, பெருஞ்சாணி, பட்டணங்கால், பறளியாற்றைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் என்று தக்கலை பக்கத்துப் பிள்ளைகள் தினமும் பார்க்கிற விஷயங்கள்தான். புது டிவியில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது. அதைச் சரிசெய்யப் போய்தான் இவ்வளவும் நடந்தது.

பள்ளிக் கம்ப்யூட்டரில் இருந்தது 2010 பதிப்பு. `Design` போய் `Page Setup`-ல் `On-screen Show (16:9)` என்று கொடுத்தேன். ஒரு நொடியில் எல்லாம் மாறிவிட்டது, நானும் சேமித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். முதல் ஸ்லைடிலேயே ஒரு பையன் எழுந்து, "டீச்சர், வள்ளுவர் தடிச்சுப் போயிட்டாரே" என்றான். 133 அடி உயரத்தில் கடலுக்குள் நிற்கிற சிலை, பார்த்துப் பார்த்துப் பழகிய உருவம், அது குள்ளமாகத் தெரிந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். தொட்டிப்பாலத்தின் தூண்களும் குட்டையாக இருந்தன, பள்ளி முத்திரையின் வட்டம் முட்டை வடிவம் ஆகியிருந்தது. டிவிதான் இழுக்கிறதோ என்று முதலில் ரிமோட்டில் படத்தின் வடிவத்தை மாற்றுகிற பொத்தானை அமுக்கிப் பார்த்தேன் (சில டிவிகளில் அதுவும் காரணமாக இருக்கும், முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது). இல்லை, ஃபைலிலேயே படங்கள் நசுங்கியிருந்தன.

ஏன் நசுங்கின என்று உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பழைய ஸ்லைடின் அளவு 25.4 செ.மீ. அகலம், 19.05 செ.மீ. உயரம். நான் தேர்ந்தெடுத்த 16:9-ல் அகலம் அதே 25.4, உயரம் மட்டும் 14.29. அதாவது ஸ்லைடு அகலமாகவில்லை, மேலிருந்து அமுக்கப்பட்டிருக்கிறது. 2010 பதிப்பு ஸ்லைடில் உள்ள படங்களையும் அதே கணக்கில் அமுக்கிவிடும், உயரம் முக்கால்வாசியாகும், அகலம் அப்படியே நிற்கும். எழுத்தின் அளவு ஸ்லைடோடு சேர்ந்து அதே விகிதத்தில் சுருங்குவதில்லை, அதனால் பெட்டி குட்டையாகி வரிகள் கீழே வழிந்து நின்றன.

16:9 என்று சொல்வதில் இரண்டு அளவு இருக்கிறது என்பதைத்தான் நான் முதலிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2013 பதிப்பிலிருந்து பவர்பாயிண்ட் புது ஃபைலை 33.867 செ.மீ. அகலம், 19.05 செ.மீ. உயரத்தில் திறக்கிறது, `Slide Size`-ல் `Widescreen (16:9)` என்பது அதுதான். `Custom Slide Size` பட்டியலில் `On-screen Show (16:9)` என்று இன்னொன்றும் இருக்கும், அது அந்தக் குட்டையான 25.4-க்கு 14.29. இரண்டும் டிவியில் ஒரே மாதிரி நிறையும். ஆனால் பழைய ஃபைலை மாற்றுகிறவர்களுக்கு முதலாவதுதான் சரி, ஏனென்றால் உயரம் மாறவே இல்லை. எழுத்தும் படமும் இருந்த அளவிலேயே இருக்கலாம், அகலத்தில் மட்டும் 8.47 செ.மீ. கூடுதல் இடம் கிடைக்கிறது, நடுவில் வைத்தால் பக்கத்துக்கு 4.23.

சரி, வீட்டில் உள்ள புதிய பதிப்பில் ஆரம்பித்தேன். நசுங்காத பழைய நகல் ஒன்று பென்டிரைவில் இருந்தது, அதைத் திறந்து அளவை மாற்றாமல், புதிதாக ஒரு அகல ஃபைல் திறந்து ஒவ்வொரு ஸ்லைடாகக் குடியேற்றினேன். நேரம் கூடுதல் ஆனது, ஆனால் எது எங்கே நகர்ந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. முதல் வேலை `View`, `Slide Master`. அங்கே முத்திரையைப் புதிதாக ஒரு தடவை நுழைத்து, தலைப்புப் பெட்டியையும் உள்ளடக்கப் பெட்டியையும் எங்கே வேண்டுமோ அங்கே வைத்தேன். இதைச் செய்யாமல் ஸ்லைடுகளைத் தொட்டால் ஒவ்வொன்றிலும் தலைப்பை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்தது, எந்த எழுத்து எந்த வகைப் பெட்டியில் இருக்கிறது என்று பார்ப்பது. லேஅவுட்டோடு வருகிற பெட்டி மாஸ்டர் சொல்வதைக் கேட்கும். `Insert` போய் நாமே வரைந்த டெக்ஸ்ட் பாக்ஸ் கேட்காது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இதற்கு எளிய சோதனை, `View`-ல் `Outline View` போட்டுப் பாருங்கள், அங்கே தெரிகிற எழுத்து லேஅவுட் பெட்டியில் உள்ளது, தெரியாதது நாம் வரைந்தது. என் 48 ஸ்லைடில் பதினொன்றுக்குத் தலைப்பே வரவில்லை. அந்தக் காலத்தில் தலைப்புக்கும் நான் டெக்ஸ்ட் பாக்ஸ்தான் வரைந்திருக்கிறேன். அந்தப் பதினொன்றையும் வெட்டி உண்மையான தலைப்புப் பெட்டியில் ஒட்டினேன்.

வெறும் எழுத்து ஸ்லைடுகள் சுலபம். பழைய ஃபைலில் அவற்றைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, புதியதில் `Use Destination Theme` கொடுத்து ஒட்டி, `Home`-ல் உள்ள `Reset` அமுக்கினால் பெட்டிகள் புது லேஅவுட்டில் போய் உட்கார்ந்துவிடும். ஒன்று கவனிக்க வேண்டும், `Reset` இடத்தை மட்டும் அல்ல, நாம் கையால் மாற்றிய எழுத்தளவு, நிறம் எல்லாவற்றையும் லேஅவுட்டில் உள்ளபடி ஆக்கிவிடும். நான் அணைகளின் பெயரைச் சிவப்பில் வைத்திருந்தேன், அவற்றை மறுபடி சிவப்பாக்க வேண்டி வந்தது.

உண்மையான வேலை வாய்க்கால் வரைபட ஸ்லைடில்தான். கையால் வரைந்து ஸ்கேன் செய்த படம், அதன் மேல் பதினான்கு டெக்ஸ்ட் பாக்ஸ், அணைகளின் பெயர், வாய்க்கால்களின் பெயர், தொட்டிப்பாலத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி, தண்ணீர் போகும் திசைக்கு மூன்று நீல அம்பு. இதில் பெயர் ஒரு செ.மீ. தள்ளிப் போனாலும் பட்டணங்கால் என்ற பெயர் வேறொரு கால் மேல் உட்கார்ந்துவிடும், பிள்ளைகள் தப்பாகப் படித்துவிடுவார்கள். 2010-ல் மாற்றியபோது அதுதான் நடந்தது. படம் அமுங்கியது, பெயர்ப் பெட்டிகளுக்குள் எழுத்து வரி உடைந்து கீழே இறங்கியது.

இதற்கு வழி, எல்லாவற்றையும் ஒரே கட்டாக்கிவிட்டு நகர்த்துவது. பழைய ஸ்லைடில் `Ctrl+A`, பிறகு `Ctrl+G`. என் ஸ்லைடில் கட்டாகவில்லை. வரைபடத்தை அப்போது லேஅவுட் பெட்டியின் நடுவில் உள்ள பட ஐகானை அமுக்கி நுழைத்திருக்கிறேன், அப்படி நுழைத்த படம் லேஅவுட் பெட்டியாகவே கருதப்படும், அதை எதனோடும் கட்ட முடியாது. தலைப்புப் பெட்டிக்கும் அதே கதைதான், அதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் கட்டாகாது. அதனால் படத்தை வெட்டி, `Blank` லேஅவுட் உள்ள ஒரு ஸ்லைடில் படமாக ஒட்டினேன். `Blank` ஏன் என்றால், காலியான உள்ளடக்கப் பெட்டி இருக்கிற ஸ்லைடில் ஒட்டினால் படம் தானாக அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மறுபடி அதே சிக்கல். அங்கிருந்து வெட்டி வரைபட ஸ்லைடில் கொண்டுவரும்போதும் அதுதான், படம் இருந்த பெட்டி இப்போது காலியாக நிற்கும், அதை அழித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஒட்டிய படத்தை பெயர்களுக்கு அடியில் அனுப்ப `Send to Back`. பழைய இடத்தில் சரியாக வைக்க, வெட்டுவதற்கு முன்னாலேயே `Format Picture` பலகத்தில் `Position` எண்கள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், அது நன்றாகப் பயன்பட்டது.

பெயர்களும் படமும் கட்டாகிவிட்டன. ஆனால் மூன்று அம்புகளுக்கும் அனிமேஷன் இருந்தது, ஒவ்வொன்றாக வரும். கட்டாக்கியதும் அது போய்விட்டது. உள்ளே இருக்கும் பொருளின் அனிமேஷன் கட்டோடு அழிந்துவிடும், எச்சரிக்கையும் வராது. `Ctrl+Z` போட்டு அம்புகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கட்டினேன். பிறகு கட்டையும் அம்புகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துப் புது ஸ்லைடில் ஒட்டி, `Animation Pane` திறந்து மூன்றும் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன்.

இப்படி ஒட்டும் பொருள் தன் செ.மீ. அளவை மாற்றிக்கொள்ளாது, எதுவும் இழுபடாது. ஆனால் இடது மேல் மூலையிலிருந்துதான் இடத்தைக் கணக்கு வைக்கிறது, அதனால் எல்லாம் இடது பக்கம் ஒதுங்கி, வலது பக்கம் 8.47 செ.மீ. வெறுமையாக நிற்கும். நடுவில் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து வலது பக்கம் 4.23 நகர்த்த வேண்டும். வரைபடத்துக்கு நான் நகர்த்தவில்லை. அந்த வெறும் இடத்தில் குறி விளக்கத்தை வைத்தேன், முன்பு அது வரைபடத்தின் மூலையில் எலி எழுத்தில் நெருங்கிக் கிடந்தது. படத்தைப் பெரிதாக்கி இடத்தை நிரப்பலாமே என்று ஒரு சார் கேட்டார். உயரம் ஏற்கெனவே முழுவதும் வந்துவிட்டது, பெரிதாக்கினால் மேலேயோ கீழேயோ வெட்டித்தான் ஆக வேண்டும், அணையை வெட்ட முடியுமா?

பின்னணிப் படத்தில் வெட்டலாம். முதல் ஸ்லைடின் பின்னணியாக அணைப் படம் வைத்திருந்தேன், பின்னணியாக வைத்த படம் ஸ்லைடை நிரப்ப எப்படி வேண்டுமானாலும் இழுபடும். அதனால் படத்தை முதலில் சாதாரணமாக நுழைத்து, `Crop`, `Aspect Ratio`, `16:9` என்று வெட்டி, வலது கிளிக்கில் `Save as Picture` கொடுத்து, அந்தப் புதுப் படத்தைப் பின்னணியாக வைத்தேன். 4:3 படத்தின் உயரத்தில் கால்பங்கு போய்விடும், வானமும் தண்ணீரும் என்பதால் பரவாயில்லை. வள்ளுவருக்கு இது ஆகாது, தலையோ பீடமோ போய்விடும். அவரை ஸ்லைடின் வலது ஓரத்தில் முழு உயரத்துக்குத் தனிப் படமாக நிறுத்தினேன்.

கடைசியாக ஒரு ஆறு ஸ்லைடு. அவற்றைப் பிறகு சேர்த்திருந்தேன், பென்டிரைவில் இருந்த பழைய நகலில் அவை இல்லை, நசுங்கிய ஃபைலில் மட்டும்தான் இருந்தன. படத்தை வலது கிளிக் செய்து `Size and Position` திறந்தால் `Scale Height`, `Scale Width` என்று இரண்டு சதவீதம் இருக்கும். இழுபடாத படத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கும். தொட்டிப்பாலப் படத்தில் உயரம் 45, அகலம் 60 என்று இருந்தது. 60-ல் முக்கால் 45, அமுக்கிய கணக்கு அப்படியே தெரிந்தது. `Lock aspect ratio` டிக்கை எடுத்துவிட்டு உயரத்தையும் 60 ஆக்கினேன், தூண்கள் நிமிர்ந்தன, உடனே டிக்கைத் திரும்பப் போட்டேன். `Reset Picture & Size` அமுக்கினாலும் படத்தின் அசல் விகிதம் வரும், ஆனால் நாம் வெட்டி வைத்த ஓரங்களும் திரும்ப வந்துவிடும். அந்த ஆறில் நான்கு படம் வெட்டியவை, அதனால் எண்களையே மாற்றினேன்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்னால் வகுப்பு டிவியில் 48-ஐயும் ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தோராவது ஸ்லைடில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் இன்னும் இடது பக்கம் ஒதுங்கி நின்றது, பெருஞ்சாணியின் படத்துக்கு எழுதிய குறிப்பு. அதை 4.23 நகர்த்தி வைத்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டேன்.