பக்கத்து சீட்டில் இருக்கும் பெடல்: ஒரு டிரைவிங் ஸ்கூல் அனுபவம்

டிரைவிங் ஸ்கூலில் சேரப்போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள். மாஸ்டர் கத்துவாரா? வண்டி ஒழுங்காக இருக்குமா? டெஸ்டில் தேறிவிடலாமா? நான் கியர் வண்டி பழகி உரிமம் வாங்கிய பள்ளியை வைத்து இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் இதே இடங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் மாஸ்டரின் பொறுமை. எங்கள் மாஸ்டர் குரலை உயர்த்தியதே இல்லை. எஞ்சின் எத்தனை முறை நின்றாலும் “பரவாயில்லை, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க” என்பார். இதை மட்டும் பார்த்தால் முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம். ஆனால் பொறுமை வாயில் மட்டும் இருந்தால் போதாது, காலிலும் இருக்க வேண்டும். பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் பிரேக், கிளட்ச் பெடல்கள் இருக்கும். கம்பியோ கேபிளோ வைத்து நம் பெடல்களோடு இணைத்திருப்பார்கள். அவர் மிதித்தால் நம் பெடலும் சேர்ந்து கீழே போகும். நாம் கிளட்சைச் சற்று வேகமாக விடுகிறோம், வண்டி உலுக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்ததும் தன் பக்கம் லேசாக மிதித்துவிடுவார். வண்டி வழுக்கிக்கொண்டு அழகாகக் கிளம்பும். நமக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் கிளட்சை விட்டது அவர்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. நம் பாதத்துக்கு அடியில் பெடல் தானாக நழுவி இறங்கினால், அல்லது நாம் காலைத் தூக்கிய பிறகும் பெடல் மேலே வராமல் நின்றால் அங்கே இன்னொரு கால் வேலை செய்கிறது. மெலிந்த செருப்போடு ஓட்டினால் நன்றாகவே உணரலாம், தடித்த ஷூவில் தெரியாது. முதல் சில வகுப்புகளில் மாஸ்டர் இப்படிச் செய்வது நியாயம்தான். போக்குவரத்து உள்ள சாலையில் வண்டி நடுவில் நின்றுவிட்டால் ஆபத்து. மொத்த வகுப்புகளில் பாதி கடந்த பிறகும் அது தொடர்ந்தால், அவர் நம் தவறைப் பொறுத்துக்கொள்ளவில்லை, தவறு நடப்பதற்கே இடம் விடவில்லை என்று பொருள். எங்கள் மாஸ்டரிடம் “கிளட்சில் கால் வைக்காதீங்க, நின்னா நிக்கட்டும்” என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் கோபித்துக்கொள்ளாமல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அன்றைக்கு எஞ்சின் நின்றுகொண்டே இருந்தது. ஆனால் பெடல் மேலே வரும்போது எந்த இடத்தில் கிளட்ச் பிடித்து வண்டி நகரத் தொடங்கும் என்று காலுக்குத் தெரிந்ததும் அன்றைக்குத்தான். இதை மாஸ்டரே ஆரம்பத்தில் செய்திருக்கலாம் என்பது என் குறை.

அடுத்து வண்டி. பள்ளியில் இரண்டு கார்கள் இருந்தன, ஒன்று ஓரளவு புதியது, இன்னொன்று பழையது. துவக்கத்தில் எல்லோருக்கும் பழையதைத்தான் கொடுப்பார்கள். அதில் தவறில்லை, அடிபடுவது பயிற்சி வண்டிதானே. ஆனால் அந்தப் பழைய வண்டியில் இரண்டு குறைகள் இருந்தன. இரண்டுமே பழகுகிறவர்களின் காலைக் கெடுப்பவை.

ஒன்று, கிளட்ச். கேபிள் கிளட்ச் உள்ள வண்டியில் தட்டு தேயத் தேய, கேபிளைச் சரிசெய்யாவிட்டால், பிடிக்கும் இடம் மேலே ஏறிக்கொண்டே போகும். அந்த வண்டியில் பெடலை ஏறக்குறைய முழுவதும் விட்ட பிறகுதான் வண்டி நகரவே தொடங்கும். அதில் பழகியவர்கள் வேறு வண்டியில் உட்கார்ந்தால் பெடலின் முதல் பாதியைச் சர்ரென்று விட்டுவிடுவார்கள். அங்கேயே பிடித்து வண்டி துள்ளி நின்றுவிடும். தேய்மானம் எல்லையைத் தாண்டியதா என்று பார்க்க மெக்கானிக்குகள் செய்யும் ஒரு சோதனை உண்டு. சமதளத்தில், முன்னால் ஆளில்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட வேண்டும். எஞ்சின் திணறி நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. இதை மாஸ்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது, திரும்பத் திரும்பவும் செய்யக்கூடாது, தட்டு சூடாகிவிடும். சாலையில் தெரியும் அடையாளம் வேறு: மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, கருகிய வாடை வரும்.

இரண்டாவது குறை, ஐடில். சூடேறிய பெட்ரோல் எஞ்சின் சும்மா ஓடும்போது, ஏசி அணைந்திருந்தால், ஆர்.பி.எம். முள் பெரும்பாலும் 700 முதல் 900 வரைக்குள் நிற்கும். பழைய வண்டியில் அது 1200-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. பயிற்சி வண்டிகளில் இதை வேண்டுமென்றே ஏற்றி வைப்பது உண்டு. எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் நிற்காது, பழகுகிறவர் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டியைக் கிளப்பிவிடலாம், மாஸ்டருக்கும் தொல்லை குறைவு. சமதளத்தில் எல்லாம் சரியாகத்தான் போகும். கிளட்சை விட்டுக்கொண்டே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுக்கும் பழக்கம் மட்டும் வராமலே போய்விடும்.

அது எங்கே வெளிப்படும் என்றால் மேட்டில். சரிவில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளம்புவது டெஸ்டில் பலருக்குச் சறுக்குகிற இடம். என்னோடு பழகிய ஒருவருக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் மேற்சொன்ன எல்லாம் அதில் ஒன்றாகக் கூடி வந்தன. புதிய வண்டி, நடுத்தரமான சரிவு. ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறது, முதல் கியரில் இருக்கிறது. அவர் கிளட்சைப் பாதிவரை விட்டார், ஆக்சிலரேட்டரில் கால் படவே இல்லை, ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். வண்டி பின்னால் உருண்டது. பயத்தில் கிளட்சை முழுவதும் விட்டார், எஞ்சின் நின்றது, மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். அடுத்த முறை ஆக்சிலரேட்டரை மிக அதிகமாகக் கொடுத்தார். எஞ்சின் இரைச்சலில் கிளட்ச் பிடித்ததே தெரியாமல் வண்டி எகிறியது.

இந்த இடத்தில் மாஸ்டர் செய்த வேலைக்குத்தான் இந்தப் பள்ளிக்கு நல்ல வார்த்தை சொல்கிறேன். மேட்டை விட்டு வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே முதல் கியர், ஆக்சிலரேட்டரில் 1500 ஆர்.பி.எம். அளவுக்கு ஒரே சீரான அழுத்தம், பிறகு கிளட்சை மிக மெதுவாக விடுவது. “சத்தம் கனமாகுதா? முன்பக்கம் லேசா எழும்புதா? அங்கேயே காலை நிறுத்துங்க.” இரண்டு நொடிக்கு மேல் பிடித்து வைக்காமல் மறுபடி மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் சூடாகிவிடும். வண்டி ஓர் அங்குலம்கூட நகராமல் இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். சத்தம் கனமாவதும் பானட் எழும்புவதும் பழகிப்போன பிறகு இலேசான சரிவுக்குப் போனோம். அதே சத்தம், அதே எழும்பல், பிறகு ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்தி இறக்க வேண்டும். அப்போதும் வண்டி உருளாமல் நின்றால் கிளட்ச்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகே ஆக்சிலரேட்டரைக் கூட்டி, கிளட்சை மீதியும் விடுவது. ஹேண்ட் பிரேக்கை இறக்கும் நொடியில் கண் லீவரைத் தேடிக் கீழே போனால் கிளட்ச் கால் தன்னால் மேலே வந்துவிடும், அதனால் பார்வை சாலையை விட்டு அகலக்கூடாது என்றும் சொன்னார். அந்த நண்பர் அன்றே மேட்டில் கிளம்பிவிட்டார்.

ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதை இதே அக்கறையோடு சொல்லித்தரவில்லை. பின் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கம்பம் அந்த ஸ்டிக்கருக்கு நேராக வந்ததும் ஸ்டீரிங்கை முழுவதும் ஒடிக்க வேண்டும், பிறகு எண்ணி இத்தனை சுற்று திருப்ப வேண்டும். பள்ளி மைதானத்தில் இது தவறாமல் வேலை செய்தது. ஆனால் ஸ்டிக்கர் எங்கே தெரிகிறது என்பது நம் கண் இருக்கும் உயரத்தையும் சீட் தள்ளியிருக்கும் தூரத்தையும் பொறுத்தது. சீட்டை ஒரு பல் முன்னே நகர்த்தினாலே கோணம் மாறிவிடும். வண்டியே மாறினால் கேட்கவே வேண்டாம். பக்கக் கண்ணாடியில் பின்சக்கரத்துக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்த்து ஓட்டுவதே நிலையான வழி. ரிவர்ஸில் போகும்போது பின்பகுதி நாம் ஒடித்த பக்கம் உள்ளே போகும், முன்பகுதி எதிர்ப்பக்கம் வெளியே வீசும். இடைவெளி குறைவதைச் சீக்கிரமே பார்த்துவிட்டால் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே போதும். தாமதித்தால் முழுவதும் ஒடித்தாலும் கோட்டில் ஏறிவிடும். அதற்கு நேரம் கிடைக்க வேண்டுமென்றால் வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும், ஊர வைப்பது மறுபடியும் அந்தக் கிளட்ச் கால்தான். எங்களில் கம்பத்தைச் சற்றே நகர்த்தி வைத்துப் பழகியவர்களுக்கு டெஸ்டில் பிரச்சினை வரவில்லை. ஸ்டிக்கரை மட்டும் நம்பியவர்கள் அங்கே தடுமாறினார்கள்.

டெஸ்டுக்கு முந்தைய வகுப்பில் மாஸ்டரிடம் ஒன்று கேட்டு வாங்கினேன். கால் இரண்டையும் தரையில் வைத்துக்கொண்டு, ஆபத்து இருந்தால் தவிர வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். அதிகாரி சொல்வதைப் போல “அடுத்த திருப்பத்தில் திரும்புங்க” என்று மட்டும் சொல்லலாம். அதுவரை தெரியாத ஓட்டைகள் அந்த ஒரு வகுப்பில் வெளியே வந்தன. கிளம்பும்முன் கண்ணாடி பார்ப்பது விட்டுப்போனது, ஓரம் ஒதுங்கும்போது இண்டிகேட்டர் விட்டுப்போனது. வழக்கமாக அவர் “கண்ணாடி”, “இண்டிகேட்டர்” என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் குரலும் பக்கத்து சீட்டின் இன்னொரு பெடல்தான். கண்ணாடி பார்ப்பதில் கண்ணை மட்டும் ஓட்டினால் அதிகாரிக்குத் தெரியாது, தலை திரும்ப வேண்டும் என்பதையும் அன்றுதான் சொன்னார். இதை முன்பே சொல்லியிருந்தால் பழக்கமாக ஊறியிருக்கும்.

இந்தப் பள்ளியில் சேர்பவர்களும், இதுபோல் வேறெங்கு சேர்பவர்களும், எந்த வண்டியில் டெஸ்ட் கொடுக்கப்போகிறோம் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வகுப்புகளை அந்த வண்டியிலேயே வாங்குங்கள், கேட்காவிட்டால் பழையதுதான் வரும். கூடுதலாக ஒரு வகுப்பு எடுக்க நினைத்தால் சாலையில் சுற்றுவதற்கு வேண்டாம். சீட்டை உங்கள் அளவுக்கு வைத்து, நேராக மேட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.