மொத்தம் சரிதான், பணம் எங்கே?

முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஊர்ப் பள்ளிக்காக நடத்தும் அறக்கட்டளை அது. பொதுக்குழுவுக்கு முன்னால் ஆண்டுக் கணக்கை ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்றார்கள். ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஐந்தொகையில் இரு பக்கமும் ரூ.6,05,000. ஆனால் மொத்தம் ஒத்துப்போனால் கூட்டல் சரி என்றுதான் அர்த்தம், எந்தப் பணம் எதற்குப் போனது என்று அது சொல்லாது.

அதனால் வேறு ஒரு கணக்குப் போட்டேன். நன்கொடையாளர்கள் நோக்கம் சொல்லிக் கொடுத்த பணத்தில் செலவாகாத மீதி எவ்வளவு? கல்வி உதவி நிதி 3,00,000, கட்டட நிதி 2,70,000, ஆக 5,70,000. கையில் நிஜமாக இருப்பது எவ்வளவு? வைப்புத்தொகை 3,00,000, சேமிப்புக் கணக்கு 1,85,000, ரொக்கம் 5,000, ஆக 4,90,000. துண்டு விழுந்தது 80,000.

அப்புறம் விளக்கமில்லாத இரண்டு வரிகளை எடுத்துக்கொண்டேன். 'முன்பணம் 46,000' என்பது மூன்று ஆண்டு ஐந்தொகையிலும் ஒரு ரூபாய் மாறாமல் நின்றது. அப்படி அசையாமல் நிற்கும் தொகை எப்போதும் சந்தேகத்துக்குரியது. சுற்றுச்சுவர் கட்டிய மேஸ்திரிக்குக் கொடுத்த பணம் அது. சுவர் எப்போதோ எழும்பிவிட்டது, பில்லும் கோப்பில் கிடந்தது, செலவு எழுதத்தான் ஆளில்லை. எழுதியதும் கட்டட நிதி 2,24,000 ஆனது.

இன்னொன்று 'சஸ்பென்ஸ் 35,000'. யார் அனுப்பியது என்று தெரியாமல் வங்கியில் வந்து விழுந்த பணம். பாஸ்புக் பதிவிலேயே பெயர்கள் இருந்தன. போன் போட்டுக் கேட்டதில் 20,000 கல்வி உதவிக்கு, 15,000 பொதுச் செலவுக்கு. இப்படிக் கேட்காமல் எல்லாவற்றையும் பொது வரவில் தள்ளிவிடுவதுதான் வழக்கம். கலப்பு அங்கேதான் தொடங்குகிறது.

திருத்திய பிறகு கல்வி உதவி 3,20,000, கட்டடம் 2,24,000, இரண்டும் சேர்த்து 5,44,000. கையில் அதே 4,90,000. குறைவது 54,000. ஐந்தொகையில் காட்டியிருந்த 15,000 பற்றாக்குறை அந்தப் பொது நன்கொடையோடு நேராகிவிட்டது, அதாவது பொது நிதி பூஜ்யம். பணமாக இல்லாமல் மிஞ்சியிருந்த சொத்து அலுவலகக் கம்ப்யூட்டரும் பீரோவும்தான், அவற்றின் புத்தக மதிப்பும் 54,000. கட்டடத்துக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ வந்த பணத்தில் வாங்கியவை.

பொருளாளர் மழுப்பவில்லை. "எல்லாம் ஒரே அக்கவுண்ட்தானே சார், இருந்ததை எடுத்தோம்" என்றார். திருட்டு இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. ஆனால் நோக்கம் சொல்லிக் கொடுத்த பணத்தை அறங்காவலர்கள் தாங்களாக வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது.

கல்வி உதவி வைப்புத்தொகையைத் தொடாமல், குறையைக் கட்டட நிதிக்குப் பொது நிதி தர வேண்டிய கடனாகக் காட்டச் சொன்னேன். வரும் பொது நன்கொடைகளிலிருந்து அதை அடைப்பதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். ஒவ்வொரு நிதிக்கும் ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு காட்டும் ஒரு பக்க அட்டவணையையும் ஆடிட்டர் இணைத்துக் கொடுத்தார். பொதுக்குழுவில் கேள்விகள் எல்லாம் அந்தப் பக்கத்தைப் பற்றியேதான் வந்தன.