உட்பிரிவு 4.7

டெண்டர் வேலைக்கு வந்த புதிதில், டெண்டரில் கேட்பதை எல்லாம் செய்து தருவோமா என்று வரிவரியாகப் பதில் எழுதும் கம்ப்ளையன்ஸ் ஷீட்டில் ஒவ்வொரு வரிக்கும் நேராக ‘இணங்குகிறோம்’ என்று போட்டுக்கொண்டே போனேன். மென்பொருளால் செய்ய முடியும்தானே, அப்புறம் என்ன என்று நினைத்தேன். ஒரு அரசுத் துறையின் புகார் மென்பொருளுக்கான டெண்டரில்தான் அந்தப் பழக்கம் விட்டது.

உட்பிரிவு 4.7 இப்படி இருந்தது: “புகார் பதிவானதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் வழியாகத் தகவல் செல்ல வேண்டும். அனுப்பிய விவரம் மூன்று ஆண்டுகள் இருக்க வேண்டும்.” நானும் ‘இணங்குகிறோம்’ என்று எழுதிவிட்டேன். விலை போடும் நண்பர் வந்து, “ஒரு புகாருக்கு எத்தனை எஸ்.எம்.எஸ்.னு கணக்கு வைக்கிறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆங்கில எஸ்.எம்.எஸ். ஒன்றில் 160 எழுத்துகள் வரை போகும். தமிழ் யூனிகோடில் போவதால் 70தான். அதிலும் ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்து இரண்டு இடம் பிடிக்கும். 70ஐத் தாண்டினால் செய்தி 67, 67 ஆக உடைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம் விழும். புகார் எண்ணும் தேதியும் சேர்த்து எங்கள் தமிழ்ச் செய்தி 120 இடத்துக்கு வந்தது. அதாவது இரண்டு எஸ்.எம்.எஸ். ஆங்கிலச் செய்தியும் உடன் போனால் மூன்று. நாங்கள் விலையில் வைத்திருந்தது ஒன்று.

அன்று மாலை 4.7ஐ நான்கு வரிகளாகப் பிரித்தேன்: எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல், மொழி, சேமிப்பு. ஒவ்வொன்றுக்கும் முதலில் நிலையை எழுதினேன்: இப்போதே இருக்கிறதா, மாற்றி எழுத வேண்டுமா, வெளிச் சேவை தேவையா. பிறகு எப்படிச் செய்வோம் என்று இரண்டு வாக்கியம். கடைசியில், விரிவான விளக்கம் எங்கள் ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது. மதிப்பெண் போடுபவர் தேடி அலையாமல் இருக்க அந்தப் பக்க எண்தான் உதவும். ஆவணத்தில் ஒரு படம் கூடினாலும் எண்கள் நகர்ந்துவிடும் என்பதால், அந்தப் பக்க எண்களை மட்டும் எல்லாம் முடிந்த பிறகு நிரப்புவேன்.

எஸ்.எம்.எஸ். வரியில் ‘வெளிச் சேவை தேவை’ என்று எழுதியபோது மேலாளருக்குத் தயக்கம். மதிப்பெண் குறையுமே என்றார். குறையலாம்தான். ஆனால் சேவையைத் தரப்போவது வேறொரு நிறுவனம் என்பதை மறைத்து வேலையை வாங்கினால், ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தச் செலவு எங்கள் தலையில்தான் விழும். அதனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மொழி வரி மட்டும் காலியாகவே இருந்தது. ஒருவருக்கு இரண்டு மொழியிலும் அனுப்புவதா, அவர் தேர்ந்த மொழியில் மட்டுமா? ஊகிக்காமல், டெண்டர் போடும் முன் நிறுவனங்களின் சந்தேகங்களுக்காகத் துறை நடத்தும் முன்-ஏலக் கூட்டத்துக்கான கேள்விப் பட்டியலில் உட்பிரிவு எண்ணோடு சேர்த்தேன். பிறகு துறை வெளியிட்ட திருத்த அறிவிப்பில் பதில் வந்தது: தேர்ந்த மொழியில் மட்டும். அந்த வரியில் திருத்த அறிவிப்பின் எண்ணையும் குறித்துவிட்டு, விலைப் பட்டியலில் ஒரு புகாருக்கு அதிகபட்சம் இரண்டு எஸ்.எம்.எஸ். என்று மாற்றினோம்.