இருமலை வெட்டிய இடத்தில் ஒரு ‘டிக்’: ஜீரோ கிராஸிங்கில் வெட்டிப் பார்த்த அனுபவம்

அத்தை பாடும் நடவுப் பாட்டுகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஊர் திருவையாறு பக்கம், குடமுருட்டிக் கரையோரம். பதிவு செய்தது குறுவைப் பருவத்தில். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்வரை நாற்றங்காலுக்கு போர்த் தண்ணீர்தான். அதனால் அநேகமாக எல்லாப் பதிவிலும் பாட்டுக்கு அடியில் பக்கத்துக் கொல்லை மோட்டாரின் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு அடிக்கு ஒரு தடவை இருமல் வரும். “பாட்டு இருக்கட்டும்ப்பா, இருமலை மட்டும் எடுத்துரு” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வேலையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

கம்ப்யூட்டரில் ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருள் வைத்திருக்கிறேன். போன் கொடுத்த கோப்பை முதலில் வேவ் கோப்பாக மாற்றிக்கொண்டேன். நொடிக்கு 48000 சாம்பிள். இருமல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அலையைப் பார்த்தாலே தெரியும், மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து அழித்தால் போயிற்று. ஆனால் அழித்த இடத்தைப் போட்டுக் கேட்டால் ‘டிக்’ என்று ஒரு சொடக்கு. ஸ்பீக்கரில் அவ்வளவாகத் தெரியவில்லை. ஹெட்போனில் காதுக்குள் சுண்டுகிற மாதிரி இருந்தது.

அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிகிறது. முழுக்கப் பெரிதாக்கும்போது அலை ஒரு கோடாக இல்லாமல் புள்ளி புள்ளியாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாம்பிள். அழித்த பிறகு இரண்டு பக்கமும் சேர்கிற ஒட்டுக்கு இடப்பக்கம் கடைசிப் புள்ளி நடுக்கோட்டுக்கு மேலே 0.08-ல் இருக்கிறது. அதற்கு அடுத்த புள்ளி, அதாவது இருமலுக்குப் பிறகு வந்த முதல் புள்ளி, கோட்டுக்குக் கீழே 0.06-ல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சாம்பிள் இடைவெளி, நொடியில் 48000-ல் ஒரு பங்கு. மோட்டார் உறுமல் மாதிரியான மெதுவான அலை அத்தனை சீக்கிரம் அவ்வளவு தூரம் குதிப்பதே கிடையாது. அப்படிப்பட்ட திடீர்க் குதிப்புக்குள் அடி முதல் உச்சிவரை எல்லா அதிர்வெண்ணும் கொஞ்சம் கொஞ்சம் அடங்கியிருக்கும். உறுமல் அடியிலேயே கிடக்கிற சத்தம், அதனால் மேல் அதிர்வெண்களில் விழுகிற பங்கு தனியாகத் துருத்திக்கொண்டு காதில் விழுகிறது. சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றிப் பார்த்தால் ஒட்டு இருக்கும் இடத்தில் அடியிலிருந்து மேலே வரை ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு நிற்கும். காது சந்தேகப்படும்போது அந்தக் கோடுதான் சாட்சி.

எல்லோரும் சொல்லும் மருந்து ஜீரோ கிராஸிங். அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் வெட்டினால் இரண்டு முனையும் பூஜ்யத்தில் நிற்கும், குதிப்பதற்கு எதுவும் இருக்காது. ஆடாசிட்டியில் தேர்வு செய்துவிட்டு Z விசையை அழுத்தினால் தேர்வின் இரண்டு ஓரமும் பக்கத்தில் இருக்கும் ஜீரோ கிராஸிங்குக்கு நகர்ந்துவிடும். கீழிருந்து மேலே ஏறும் கடப்புக்கு அது முன்னுரிமை கொடுக்கிறது, அதுதான் சரியும்கூட. இடப்பக்கம் ஏறிக்கொண்டே வந்து கோட்டைத் தொட்டு, வலப்பக்கம் அங்கிருந்து இறங்க ஆரம்பித்தால் இரண்டு முனையும் பூஜ்யம்தான், ஆனால் அலை அந்த இடத்தில் கூரை முகடு மாதிரி மடங்கிவிடும். அப்போது சொடக்கு மழுங்கும், போகாது.

Z அழுத்துவதற்கு முன்னால் இரண்டு வேலை உண்டு. போன் பதிவு ஸ்டீரியோ. இடது சேனல் கோட்டைக் கடக்கும் நேரமும் வலது கடக்கும் நேரமும் வேறு வேறு, அதனால் மென்பொருள் இரண்டுக்கும் பொதுவாக ஓர் இடத்தைப் பிடிக்கும், இரண்டுக்குமே அது முழுப் பொருத்தமாக இருக்காது. பாடுவது ஒருவர்தான் என்பதால் நான் மோனோவாக்கிவிட்டேன். இரண்டாவது, சில பதிவுகளில் அலை முழுவதுமே நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் தூக்கி உட்கார்ந்திருக்கும். பாடும்போது பரவாயில்லை. சத்தம் அடங்கிய இடத்தில் அலை கோட்டைத் தொடாமலேயே மேலேயே போகும், கடப்பே இல்லாத இடத்தில் Z எதைப் பிடிக்கும்? Normalize விளைவில் இதைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. வெட்ட ஆரம்பிப்பதற்கு முன்பே முழுக் கோப்புக்கும் ஒரே தடவையாகச் செய்துவிட வேண்டும். துண்டு துண்டாகச் செய்தால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு உயரத்துக்கு நகர்ந்து, ஒட்டில் புதிய படி ஒன்று வந்து நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகு பாதி இருமல்கள் சுத்தமாகப் போய்விட்டன. மீதிப் பாதியில் ‘டிக்’ போய், வேறொன்று வந்தது: உறுமல் அந்த இடத்தில் ஒரு கணம் இடறிக்கொள்கிற மாதிரி ஒரு ‘தப்’. இங்கேதான் விஷயம் சுவாரசியமாக ஆனது.

மோட்டார் உறுமலின் அலை அழகான வளைவு கிடையாது. ஒரு சுற்றுக்குள்ளேயே பெரிய மேடு ஒன்று, சின்ன மேடு ஒன்று, நடுவில் நெளிவுகள். அதனால் ஒரே சுற்றில் ஏறும் கடப்பு இரண்டு மூன்று இருக்கிறது. Z இடப்பக்கம் பெரிய மேட்டுக்கு முந்திய கடப்பைப் பிடித்து, வலப்பக்கம் சின்ன மேட்டுக்கு முந்தியதைப் பிடித்தால் கணக்குப்படி இரண்டும் பூஜ்யம், இரண்டும் ஏறுமுகம். ஆனாலும் உறுமலின் தாளம் அங்கே தப்பிவிடும்.

அதற்கு ஒரு வழி அந்த உறுமலின் பிறப்பிடத்திலேயே இருக்கிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் காந்த உறுமல் பெரும்பாலும் அதன் இரண்டு மடங்கான 100 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளிலும் வரும். வயர் வழியாகப் பதிவுக்குள் நுழையும் இரைச்சல் என்றால் 50-லும் அதன் மடங்குகளிலும் வரும். எதுவானாலும் 20 மில்லி வினாடிக்கு ஒரு தடவை எல்லாம் சேர்ந்து ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். அதைச் சாம்பிளில் சொன்னால்:

```
48000 / 50 = 960
```

ஆக, வெட்டி எறியும் துண்டின் நீளம் 960-இன் முழு மடங்காக இருந்தால் உறுமல் விட்ட இடத்திலேயே தொடரும். ஆடாசிட்டியின் அடிப்பகுதியில் தேர்வின் தொடக்கத்தையும் நீளத்தையும் காட்டும் பட்டையில் அலகை samples என்று மாற்றிக்கொண்டால் நீளத்தை எண்ணாகவே அடிக்கலாம்.

ஓர் இருமலை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். அடி முடிந்து மூச்சு வாங்கும் இடைவெளியில் வந்தது. கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தபோது 1.37 வினாடி. முதலில் இடது ஓரத்தை, பெரிய மேட்டுக்கு முந்திய ஏறும் கடப்பில் கையால் வைத்தேன். 20 மில்லி வினாடிச் சுற்று 68 என்றால் 1.36 வினாடி, அதாவது 65280 சாம்பிள். நீளத்தில் அதை அடித்தேன். வலது ஓரம் போய் நின்ற இடத்தைப் பெரிதாக்கினால் கிட்டத்தட்ட அதே மேடு, ஆனால் அதற்கு உரிய கடப்பு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருந்தது.

இந்தத் தள்ளலுக்குக் காரணம் கரண்ட்தான். 50 என்பது பெயருக்கு. தேவை ஏறினால் அதிர்வெண் கொஞ்சம் இறங்கும், குறைந்தால் ஏறும். 49.95-ல் ஓடினால் 68 சுற்றுக்கு 1.36 வினாடியைவிட ஏறத்தாழ 1.4 மில்லி வினாடி அதிகம் பிடிக்கும், கிட்டத்தட்ட 65 சாம்பிள். ஆகவே எண் பக்கத்தில் கொண்டுபோய் விடும், கடைசி அடியைக் கண்தான் வைக்க வேண்டும். வலது ஓரத்தை அந்த மேட்டின் கடப்புக்கு நகர்த்தினேன். அழிப்பதற்கு முன் C விசையை அழுத்தினால் தேர்வுக்கு முன்பகுதியை வாசித்து, தேர்வைத் தாண்டிக் குதித்து, பின்பகுதியைத் தொடர்ந்து வாசிக்கும். வெட்டாமலேயே ஒட்டைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்டேன், உறுமல் இடறவில்லை. அப்புறம்தான் Delete.

இதற்கும் எல்லை உண்டு. துண்டு நீளமாக ஆக ஆக நழுவலும் கூடும். பத்து வினாடியை வெட்டும்போது 960 கணக்கு உதவவே உதவாது, மேட்டின் வடிவத்தைப் பார்த்துப் பொருத்துவதுதான் வழி. இன்னொன்று, மோட்டாரின் சுழற்சிச் சத்தம். இண்டக்‌ஷன் மோட்டார் கரண்டின் வேகத்தைவிடச் சற்றுப் பின்தங்கியே சுழலும். நிமிடத்துக்கு 1500 என்று கணக்கு வந்தால் நிஜத்தில் 1440 மாதிரி இருக்கும். அதனால் பேரிங் சத்தம் இந்த 20 மில்லி வினாடிக் கட்டத்துக்குள் வராது. என் பதிவில் அது மெலிதாகத்தான் இருந்தது, ஒரு பக்கத்தை மெல்ல இறக்கி மறுபக்கத்தை மெல்ல ஏற்றும் 10 மில்லி வினாடி கிராஸ்ஃபேடில் மறைந்துவிட்டது. ஆனால் உறுமலைப் பொருத்தாமல் நேரே கிராஸ்ஃபேடு போட்டால், ஒரு பக்கம் மேலே போகும்போது மறுபக்கம் கீழே வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். ஒட்டில் சத்தம் ஒரு கணம் குழி விழும். ஆகவே பொருத்துவது முதலில், கிராஸ்ஃபேடு பிறகுதான்.

நெட்டெழுத்தை இழுத்துப் பாடும் இடத்தில் ஜீரோ கிராஸிங் எவ்வளவு செய்யும் என்றும் பார்த்தேன். ஓர் அடியின் கடைசி ‘ஏ’-வை அத்தை நன்றாக நீட்டும்போது நடுவில் மொபெட் ஹாரன் ஒன்று புகுந்திருக்கிறது. குரல் அங்கே 220 ஹெர்ட்ஸ் பக்கம், ஒரு சுற்று ஏறத்தாழ 218 சாம்பிள். அந்த ஒரு சுற்றுக்குள்ளும் பல கடப்புகள். பெரிய உச்சிக்கு முந்தியதையே இரண்டு பக்கமும் தேடிப் பிடித்து வெட்டினேன். சொடக்கு துளியும் இல்லை. ஆனால் ஹாரனுக்கு முன்னால் இருந்த சுருதியைவிடப் பின்னால் குரல் ஒரு மயிரிழை ஏறியிருக்கிறது. அத்தை அதைப் படிப்படியாக ஏற்றியிருந்தார். நடுத்துண்டு போனதும் படி ஏறாமல் தாவின மாதிரி கேட்டது. உறுமலும் குரலும் ஒரே இடத்தில் ஒன்றாகப் பொருந்தவும் இல்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது.

அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். “ஹாரன் கெடந்துட்டுப் போவுது, என் இழுப்பை ஏம்ப்பா சுருக்குன?” என்றார். Ctrl+Z அடித்து அந்த ஒட்டை மட்டும் பழையபடி விட்டுவிட்டேன். இருமல்களின் ஒட்டுகள் எல்லாம் அப்படியே நிலைத்துவிட்டன. அடுத்தது இரண்டு வேறு நாள் பதிவுகளை ஒன்றாகச் சேர்ப்பது. ஒன்றில் மோட்டார் ஓடுகிறது, மற்றதில் கரண்ட் இல்லை. அங்கே பொருத்துவதற்கு மறுபக்கம் உறுமலே கிடையாது என்பதால், மோட்டார் மட்டும் கேட்கும் நான்கைந்து வினாடியை எடுத்து, இதே 960 கணக்கில் திரும்பத் திரும்ப ஒட்டி, அமைதியான பதிவின் அடியில் மெதுவாக ஏற்றிப் பார்க்கப் போகிறேன்.