மூடப்பட்ட படச் சேமிப்புச் சேவையிலிருந்து 18,204 படங்களை மீட்ட கதை

ஒன்பது ஆண்டுகளாகக் குடும்பப் படங்களைச் சேமித்து வைத்திருந்த இணையச் சேவையை 90 நாட்களில் மூடப்போவதாக அந்த நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது. ‘அமைப்புகள்’ பக்கத்தில் ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் ஜிப் கோப்புகளாக வந்துவிடும் என்று அதில் எழுதியிருந்தார்கள். பொத்தானை அழுத்தினேன்; கோப்புகளும் வந்தன. ஆனால் வந்தவற்றைச் சோதித்துப் பார்க்காமல் கணக்கை மூடியிருந்தால், அறுநூறுக்கும் மேற்பட்ட படங்கள் நிரந்தரமாகப் போயிருக்கும்.

ஏற்றுமதி, ஒவ்வொன்றும் 2 ஜிபி அளவுள்ள 31 பகுதிகளாக வந்தது. பதிவிறக்கச் சுட்டிகள் ஏழு நாட்கள் மட்டுமே செல்லும். இரவில் ஒவ்வொன்றாக இறக்கி, எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து விரித்தேன். இணையதளத்தில் என் கணக்கு 18,204 படங்கள் என்று காட்டியது. வன்தட்டில் இருந்தவை 17,391. வித்தியாசம் 813. ஏதோ இரட்டிப்புப் படங்களைக் கழித்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தது என் தவறு.

இரண்டு நாட்கள் கழித்து, பகுதிகளின் அளவை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கடைசிப் பகுதி சிறியதாக இருப்பது இயல்பு. ஆனால் நடுவிலிருந்த பதினேழாவது பகுதியும் 1.1 ஜிபியிலேயே நின்றிருந்தது. இணைப்பு பாதியில் அறுந்தும், உலாவி அதை முடிந்த பதிவிறக்கமாகவே காட்டியிருக்கிறது. ஜிப் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் அதன் கடைசியில் எழுதப்படுவதால், வால் அறுந்த கோப்பு பெரும்பாலும் திறக்கவே திறக்காது. விரிக்கும்போது வந்த பிழைச் செய்தியை நான்தான் கவனிக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கட்டளை போதும். விண்டோஸில் 7-ஜிப் மென்பொருளிலும் இதே சோதனை உண்டு.

```
unzip -t photos-017.zip
```

இதை ஒவ்வொரு பகுதிக்கும், சுட்டி உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். நான் செய்தபோது ஏழு நாள் கெடு முடிந்திருந்தது. உதவிப் பிரிவுக்கு எழுதினால், பதினேழாவது பகுதியை மட்டும் தர இயலாது, புதிதாக ஏற்றுமதி கோருங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நான்கு நாட்கள் காத்திருந்து இரண்டாவது ஏற்றுமதி கைக்கு வந்தபோது இன்னொன்று புரிந்தது: படங்கள் பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட விதம் முற்றிலும் மாறியிருந்தது. பழைய பதினாறோடு புதிய பதினேழைச் சேர்த்தால், சில படங்கள் இருமுறை வருகின்றன, சில வராமலே போகின்றன. ஆகவே 31 பகுதிகளையும் மறுபடி இறக்க வேண்டியதாயிற்று. இந்த முறை எண்ணிக்கை 18,029. மிச்சமிருந்த 175 படங்கள் என் அண்ணி என்னோடு பகிர்ந்த தொகுப்பைச் சேர்ந்தவை. அவை என் கணக்கில் தெரியுமே தவிர என்னுடையவை அல்ல, அதனால் என் ஏற்றுமதியில் வரவும் மாட்டா. அண்ணியிடம் சொல்லி அவருடைய கணக்கிலிருந்து தனியே எடுத்துக்கொண்ட பிறகே கணக்கு நேரானது.

அடுத்த சிக்கல் தேதி. இடத்தை மிச்சப்படுத்தும் முறையில் நான் ஏற்றிய பழைய படங்களில், படத்துக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டிய எடுத்த தேதியைச் சேவை நீக்கியிருந்தது. விரித்தவுடன் அவை எல்லாம் அன்றைய தேதியில் குவிந்தன. தேதி தொலைந்துவிடவில்லை, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதே பெயரில் வந்த, படத்தின் விவரங்களை எழுத்தாகக் கொண்ட ஜேசன் கோப்பில் இருந்தது. தேவையில்லாத குப்பை என்று பலரும் அழித்துவிடும் கோப்பு அதுதான்; தயவுசெய்து அழிக்காதீர்கள். தேதியற்ற படங்களை அவற்றின் ஜேசன் கோப்புகளோடு `nodate` என்ற ஒரு தனி அடைவில் நகலெடுத்து, எக்ஸிஃப்டூல் என்னும் இலவச மென்பொருளால் தேதியைப் படத்துக்குள் எழுதினேன். இந்தச் சேவையின் ஜேசன் கோப்பில் தேதி இருக்கும் புலத்தின் பெயர் `takenAt`. உங்கள் கோப்பில் வேறாக இருக்கலாம், ஒன்றைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

```
exiftool -r -ext jpg -tagsfromfile "%d%f.%e.json" "-AllDates<takenAt" nodate
```

முடித்துவிட்டு அக்காவின் திருமணப் படங்களை அவளுக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் அழைத்தாள். “ஏன்டா, எனக்கு முகூர்த்தம் விடியக்காலை நாலே முக்காலுக்குடா. தாலி கட்டுற படம் முந்தின நாள் ராத்திரி பதினொன்னே காலுன்னு காட்டுதே?” அவள் சொன்னது சரி. ஜேசன் கோப்பில் இருந்த வரி இதுதான்:

```
"takenAt": "2016-09-03T23:15:00Z"
```

கடைசியிலுள்ள Z என்ற எழுத்து, நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டிருப்பதைக் குறிக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால், 2016 செப்டம்பர் 4 விடியற்காலை 4.45 என்பது செப்டம்பர் 3 இரவு 11.15 ஆகிவிட்டது. அதே தனி அடைவில் இன்னொரு கட்டளை இதைச் சரிசெய்தது.

```
exiftool -r -ext jpg "-AllDates+=5:30" nodate
```

இதை ஒரே ஒரு முறைதான் இயக்க வேண்டும். மறுமுறை இயக்கினால் இன்னும் ஐந்தரை மணி நேரம் கூடிவிடும். தேதி சரியாக உள்ள படங்கள் இந்த அடைவில் கலந்துவிடவும் கூடாது. எக்ஸிஃப்டூல் ஒவ்வொரு படத்தின் மாற்றப்படாத நகலையும் `_original` என்ற பின்னொட்டோடு விட்டுவைப்பதால், தவறு நேர்ந்தாலும் திரும்ப வழி உண்டு.

படங்கள் இரண்டு வன்தட்டுகளில் ஏறிய பிறகே கணக்கை மூடும் வேலையைத் தொடங்கினேன். நிறுவனமே மூடப்போகிறதே, நாம் வேறு எதற்கு மூட வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நிறுவனம் கைமாறும்போது வாடிக்கையாளர் தரவும் சொத்தாகக் கைமாறக்கூடும் என்பதுதான் காரணம். 2025 மார்ச்சில் 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோருவதற்குச் சற்று முன்பு, தங்கள் தரவை அழிக்கச் சொல்லிக் கோரும் உரிமையைப் பயன்படுத்துமாறு கலிபோர்னியா மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரே மக்களுக்கு நினைவூட்டினார்.

முதலில் பணம். மாதம் 130 ரூபாய் யுபிஐ ஆட்டோபே வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இனிக் கட்டணம் இல்லை என்று நிறுவனம் எழுதியிருந்தும், மறுநாள் 130 ரூபாய் எடுக்கப்படும் என்ற முன்னறிவிப்பு ஒரு மாலை வந்தது. சேவைப் பக்கத்தில் தேடி நேரத்தை வீணாக்காமல், யுபிஐ செயலியின் ஆட்டோபே பட்டியலிலேயே அந்த அனுமதியை ரத்து செய்தேன். பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா கட்டுபவர்கள் அங்கேயேதான் ரத்து செய்ய வேண்டும். செயலியை நீக்குவதால் மட்டும் சந்தா நிற்காது.

அடுத்து, எல்லாக் கைபேசிகளிலும் அந்தச் செயலியின் ஒத்திசைவை நிறுத்தி, வெளியேறி, பிறகு செயலியை நீக்கினேன். ஒத்திசைவு இயங்கும் நிலையில் சேவையகத்தில் படங்களை அழித்தால், கைபேசியில் இருப்பவையும் சேர்ந்து அழியக்கூடும். அம்மாவின் கைபேசியில் ஒத்திசைவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைசி நேரத்தில் நினைவுக்கு வந்தது.

கணக்குப் பக்கத்தில் பெரிய பொத்தானாக இருந்தது ‘முடக்கு’. அது உள்நுழைவை நிறுத்துமே ஒழிய, தரவை அப்படியே வைத்திருக்கும். ‘நிரந்தரமாக நீக்கு’ என்பது தனியுரிமைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அதை அழுத்தினால் பதிவு செய்த மின்னஞ்சலுக்கு ஓர் உறுதிச் சுட்டி வரும். அதையும் அழுத்தினால்தான் கோரிக்கை ஏற்கப்படும். என்னுடையது விளம்பர மடல்களுக்கான அடைவில் போய் விழுந்திருந்தது. ஒரு நாள் முழுவதும் காத்திருந்தேன்.

சேவை நிற்க 11 நாட்கள் இருக்கும்போது, கணக்கு நீக்கப்பட்டது என்ற மின்னஞ்சல் வந்தது. அதை பிடிஎஃப் ஆக்கிப் படங்களோடு வைத்துவிட்டு, பழைய கடவுச்சொல்லால் ஒருமுறை உள்நுழைய முயன்றேன். அப்படி ஒரு கணக்கு இல்லை என்றது.